மின்சாரத்துக்கு வாய்க்கால் உவமை: எதுவரை கூட்டிப் போகலாம், எங்கே இறக்கிவிட வேண்டும்

பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையோரக் கிராமம் ஒன்றில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். வீட்டுத் திண்ணைதான் வகுப்பறை, 14 பிள்ளைகள். மின்னோட்டவியல் பாடம் வந்தபோது எனக்குக் கவலையே இல்லை. உவமை வாசலிலேயே ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலைக் காட்டி, தண்ணீர்தான் மின்னோட்டம், மதகுதான் சுவிட்ச், வயல்தான் பல்பு என்று ஒரே மாலையில் முடித்துவிட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அடுத்த வாரம் ஒரு கேள்வி வைத்தேன். ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடர் இணைப்பில் வைத்தால் எதன் வழியாக அதிக மின்னோட்டம் போகும்? இரண்டிலும் ஒரே அளவுதான் போகும். ஆனால் 14 பேரில் 11 பேர் முதல் பல்பு என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி காரணமும் சொல்லியிருந்தாள்: "இரண்டாவது பல்பு கடைமடை."

அவள் எழுதியதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. நான் கொடுத்த உவமையை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறாள், அவ்வளவுதான். டெல்டாவில் பிறந்த பிள்ளைக்கு வாய்க்கால் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மேல்மடைக்காரர் எடுத்தது போக மிச்சம்தான் கீழே வரும் என்பதுதானே. தப்பு என்னுடையது. அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு மாதம் ஆனது. நீங்கள் அதே வேலையை இரண்டு மாலைகளில் முடிக்கலாம்.

முதலில்: என்ன வேண்டும், எவ்வளவு ஆகும், எப்போது செய்வது

காகித வேலைக்கு இரண்டுதான்: பாடப்புத்தகமும் கோடு போட்ட ஒரு முழுத்தாளும். அந்தத் தாள்தான் இந்த வழிகாட்டியின் உயிர், பின்னால் சொல்கிறேன்.

சாமான்களுக்கு எனக்கு 500 ரூபாய்க்குள் ஆனது. பென்சில் செல் இரண்டு, அவற்றை வைக்கும் பெட்டி, டார்ச் பல்பு இரண்டு, 100 ஓம் மின்தடை நான்கு (பழுப்பு, கறுப்பு, பழுப்பு என்று வண்ணப் பட்டை இருக்கும்), முதலைக் கிளிப் வைத்த வயர் ஆறு, மலிவான டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. இதில் மீட்டர்தான் விலை கூட. யாரிடமாவது இரவல் கிடைத்தால் மீதிச் செலவு சொற்பம். வீட்டு பிளக் பாயிண்டை எந்தக் காரணத்துக்காகவும் தொட வேண்டாம். இரண்டு செல்லின் 3 வோல்ட்டே எல்லாவற்றுக்கும் போதும்.

நேரம், முக்கால் மணி வீதம் இரண்டு மாலை. காலமும் முக்கியம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறந்து ஜனவரி 28-ஆம் தேதி மூடுவார்கள். அந்த இடைவெளிக்குள் செய்யுங்கள். ஒரு தடவை மார்ச் மாதத்தில், ஆடு மேய்ந்துகொண்டிருந்த காய்ந்த வாய்க்காலைக் காட்டி "தண்ணீர் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்று ஆரம்பித்தேன். உவமைக்கே ஓர் உவமை தேவைப்பட்டது.

1. உவமை எந்தக் கேள்விக்கு என்று முடிவு செய்யுங்கள்

"மின்சாரத்தை விளக்க" என்று எடுத்தால் நான் விழுந்த பள்ளத்திலேயே விழுவீர்கள். ஒரே ஒரு கேள்வியைத் தாளின் தலையில் எழுதுங்கள். என் கேள்வி இது: மின்னழுத்த வேறுபாடும் மின்னோட்டமும் எப்படி வேறு வேறு விஷயங்கள்?

இந்தக் கேள்விக்குத் தண்ணீர் அருமையாகப் பொருந்தும். வாய்க்காலில் ஓர் இடத்தைக் கடந்து விநாடிக்கு இத்தனை கன அடி என்கிறோம். கம்பியில் ஓர் இடத்தைக் கடந்து விநாடிக்கு இத்தனை கூலும் மின்னூட்டம் என்கிறோம், அதுதான் ஆம்பியர். இரண்டுமே ஓர் இடத்தில் நின்று எண்ணுகிற அளவுகள். வோல்ட் அப்படி இல்லை. அது இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம், தண்ணீருக்கு மட்ட வேறுபாடு மாதிரி.

இங்கே நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று வருகிறது. டெல்டா தட்டையான பூமி. எங்கள் பிள்ளைகளுக்கு மேடு என்றால் வரப்புதான். வாய்க்காலில் தண்ணீர் சரிவால் ஓடுகிறது என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை, "மேட்டூர்லேருந்து தள்ளி விடுறாங்க" என்றான் ஒருவன். அதனால் மட்டத்துக்கு மட்டும் வாய்க்காலை விட்டுவிட்டு ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்குப் போங்கள். தெருக் குழாயில் வேகமாக வரும் தண்ணீர் மாடிக் குழாயில் சன்னமாக வருவதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். குழாயைத் திறக்காவிட்டாலும் உயர வேறுபாடு இருந்துகொண்டே இருக்கிறது என்பதும் இதில் பளிச்சென்று புரியும். சுற்றில் இணைக்காத செல்லில் மின்னோட்டம் இல்லை, 1.5 வோல்ட் இருக்கிறது. மீட்டரை வைத்துக் காட்டிவிடுங்கள்.

2. தாளில் மூன்று பத்தி போடுங்கள், வெற்றிடத்தைத் தேடுங்கள்

இடதுபக்கம் தண்ணீர், நடுவில் மின்சாரம், வலதுபக்கம் "சேரும் / சேராது / பார்க்கணும்". உங்களுக்குத் தெரிந்தவற்றை மட்டும் எழுதாதீர்கள். பிள்ளைகளுக்கு வாய்க்கால் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் இடதுபக்கம் எழுதுங்கள். இதை நான் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவிடம் கேட்டுத்தான் எழுதினேன். அவர் ஐம்பது வருஷமாக மண்வெட்டியோடு வாய்க்காலில் நிற்பவர்.

அவர் அடுக்கினார்: மதகைத் திறந்தால் ஓடும். பயிர் குடிக்கும், மண்ணும் குடிக்கும். கடைமடைக்குக் குறையும். கரை உடைந்தால் கொட்டும். திறந்தாலும் வந்து சேர நாளாகும். ஆகாயத்தாமரை அடைத்தால் ஓட்டம் குறையும். போன தண்ணீர் திரும்பாது, கடலுக்குப் போய்விடும்.

இப்போது நடுப்பத்தியை நிரப்பப் பாருங்கள். ஆகாயத்தாமரைக்கு எதிரே மின்தடை என்று எழுதலாம். ஆனால் "பயிர் குடிக்கும்" என்பதற்கு எதிரே என்ன எழுதுவது? பல்பு மின்னூட்டத்தைக் குடிப்பதில்லை. உள்ளே போனது முழுக்க வெளியே வருகிறது. பல்பு எடுத்துக்கொள்வது ஆற்றலை. "கடலுக்குப் போய்விடும்" என்பதற்கும் எதிரே ஒன்றும் இல்லை. மின்சுற்று என்ற பெயரிலேயே சுற்று இருக்கிறது, செல்லில் கிளம்பியது செல்லுக்கே திரும்ப வேண்டும். இந்த வெற்றிடங்கள்தான் உங்கள் உவமையின் எல்லைக் கற்கள். நான் முதல் தடவை இந்தத் தாளை எழுதாமலே திண்ணையில் உட்கார்ந்தேன்.

பொறி ஒன்று இருக்கிறது. மதகுக்கு எதிரே "சுவிட்ச், சேரும்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவீர்கள். மதகைத் திறந்தால் தண்ணீர் ஓடும். ஆனால் பாடப்புத்தகத்தில் "திறந்த மின்சுற்று" என்றால் மின்னோட்டம் இல்லாத சுற்று. வேலை ஒன்றுதான், வார்த்தை நேர்எதிர். என் பிள்ளைகளில் இருவர் இதிலேயே மதிப்பெண் விட்டார்கள். சுவிட்சுக்கு மதகைவிட வாய்க்கால் மேல் போடும் மூங்கில் பாலம் பொருத்தம்: பாலம் இருந்தால் நடக்கலாம், எடுத்துவிட்டால் நடக்க முடியாது.

3. உவமையை ஜோசியம் சொல்ல வையுங்கள், பிறகு மீட்டரைக் கேளுங்கள்

"பார்க்கணும்" என்று எழுதிய வரி ஒவ்வொன்றுக்கும் இதுதான் வழி. உவமை உண்மையானால் என்ன நடக்கும் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முடிவு தெரிந்ததும் "நானும் அதைத்தான் நெனச்சேன்" என்பார்கள். அப்புறம் செய்து பாருங்கள்.

கடைமடை வரியை எடுத்துக்கொள்வோம். இரண்டு 100 ஓம் மின்தடைகளைத் தொடராக வைத்து 3 வோல்ட்டில் இணையுங்கள். மொத்தம் 200 ஓம், ஓம் விதிப்படி 3-ஐ 200-ஆல் வகுத்தால் 0.015 ஆம்பியர், அதாவது 15 மில்லி ஆம்பியர். மீட்டரின் திருகை 200m என்ற இடத்தில் வைத்து, சுற்றை ஓரிடத்தில் பிரித்து அந்த இடைவெளியில் மீட்டரைக் கோர்க்க வேண்டும். மூன்று இடங்களில் அளக்கலாம்: முதல் தடைக்கு முன், இரண்டுக்கும் நடுவில், இரண்டாவதுக்குப் பின். வாய்க்கால் உவமைப்படி மூன்றும் படிப்படியாகக் குறைய வேண்டும். மூன்று இடத்திலும் 15-ஐ ஒட்டி ஒரே எண்தான் வரும். செல் புதியதா பழையதா என்பதைப் பொறுத்து எண் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், ஆனால் மூன்றும் ஒன்றாகவே மாறும்.

எங்கள் திண்ணையில் அந்த மூன்றாவது எண்ணைப் பார்த்துவிட்டு யாரும் பேசவில்லை. கடைமடை என்று எழுதிய பெண் மட்டும் "மீட்டர் ரிப்பேரா அக்கா?" என்றாள். நல்ல கேள்வி. செல்லைத் திருப்பிப் போட்டு மறுபடி அளந்தோம். கழித்தல் குறியோடு அதே எண் வந்தது.

இதில் நான் பட்ட இரண்டு அடிகளைச் சொல்லிவிடுகிறேன். முதல் முயற்சியில் மின்தடைக்குப் பதிலாக டார்ச் பல்புகளையே வைத்தேன். கடையில் ஒரே டப்பாவிலிருந்து எடுத்த இரண்டு பல்புகள்தான், ஆனால் இரண்டாவது பல்பு கண்ணுக்குத் தெரியும்படி மங்கலாக எரிந்தது. "பாத்தீங்களா, கடைமடை!" என்று திண்ணையே கத்தியது. மலிவு பல்புகளில் இழையின் தடை ஒன்றுபோல இருக்காது, அதுதான் காரணம். இப்படி நடந்தால் பதறாமல் பல்புகளை இடம் மாற்றுங்கள். மங்கலான பல்பு முதல் இடத்துக்குப் போனாலும் மங்கலாகவே எரியும். குறை இடத்தில் இல்லை, பல்பில் இருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். உண்மையில் இந்த விபத்து எனக்கு மீட்டரைவிட அதிகமாக உதவியது.

இரண்டாவது அடி, மீட்டரை மின்னோட்டம் அளக்கும் இடத்தில் வைத்தபடியே ஒருவன் செல்லின் இரண்டு முனைகளிலும் நேரே தொட்டான். அந்த நிலையில் மீட்டர் கிட்டத்தட்ட வெறும் கம்பி மாதிரி. உள்ளே ஃபியூஸ் போய்விட்டது. ஃபியூஸ் விலை சில ரூபாய்தான், ஆனால் அன்றைய மாலை போச்சு. உபரி ஃபியூஸ் ஒன்று வாங்கி வையுங்கள்.

4. உடைந்த இடத்தில் ஒட்டுப் போடலாமா, விட்டுவிடலாமா?

எல்லை தெரிந்த பிறகு இரண்டு வழி இருக்கிறது. உவமைக்குள்ளேயே வேறு ஆளை அந்த வேலைக்கு நிறுத்தலாம், அல்லது அந்த வரியில் உவமையைக் கைவிடலாம்.

கடைமடைக்கு ஒட்டுப் போட முடிந்தது. பல்புக்கு வயல் சரியான ஆள் இல்லை, சக்கரம்தான் சரி. வாய்க்காலில் தண்ணீர் ஒரு முழம் தணிந்து விழும் இடத்தில் தென்னை ஓலையில் செய்த சிறிய சக்கரத்தை வையுங்கள். சக்கரம் சுற்றுகிறது, ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீரையும் குடிக்கவில்லை. மேலே வந்த அளவே கீழேயும் போகிறது. குறைந்தது மட்டம். அதற்கு நேர் இணை மீட்டரில் உண்டு: திருகை வோல்ட்டுக்கு மாற்றி முதல் தடையின் இரு முனைகளிலும் வைத்தால் 1.5-ஐ ஒட்டி வரும், இரண்டாவதிலும் அதே, இரண்டையும் சேர்த்து வைத்தால் 3. அளவு குறையவில்லை, மட்டம்தான் படிப்படியாக இறங்கியிருக்கிறது. வயல் போய்ச் சக்கரம் வந்ததும் 14 பேரில் ஒருவரைத் தவிர எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள்.

"வந்து சேர நாளாகும்" என்ற வரிக்கு ஒட்டு கொஞ்சம்தான் போட முடியும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை வந்து சேரவே சில நாளாகும், அங்கிருந்து கடைமடைக்கு இன்னும் நாள் பிடிக்கும். சுவிட்சைப் போட்டால் பல்பு உடனே எரிகிறதே? வாய்க்கால் காய்ந்து கிடந்து பிறகு நிரம்புவது. கம்பி ஒருபோதும் காய்வதில்லை, எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நிறைந்துதான் இருக்கின்றன. தண்ணீர் நிறைந்த ஓஸ் குழாயின் ஒரு முனையில் திறந்தால் மறுமுனையில் உடனே வருவதைப் போல, எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நகரத் தொடங்குகின்றன. இதுவரை சரி. ஆனால் எலக்ட்ரான் நகரும் வேகத்தைக் கேட்டால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்: ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது அது விநாடிக்கு 0.07 மில்லிமீட்டர் அளவுதான். ஒரு மணி நேரத்தில் ஒரு முழம்கூட நகராது. இந்த இடத்தில் நான் உவமையை விட்டுவிட்டேன். இத்தனை மெதுவாக ஓடிச் சக்கரத்தைச் சுற்றும் தண்ணீர் எங்கள் ஊரில் இல்லை.

5. ஆபத்தான எல்லையை முதல் நாளே சொல்லுங்கள்

மற்ற எல்லைகளை அந்தந்தக் கட்டம் வரும்போது சொல்லலாம். முன்கூட்டியே எல்லாவற்றையும் சொன்னால் உவமை தொடங்கும் முன்பே செத்துவிடும். ஒன்றே ஒன்று விதிவிலக்கு: "கரை உடைந்தால் கொட்டும்."

வாய்க்கால் உடைந்தால் தண்ணீர் கண்முன்னே கொட்டுகிறது. கொட்டி முடிந்தால் காலி. இதை அப்படியே கம்பிக்குப் பொருத்தும் பிள்ளை, அறுந்து தொங்கும் கம்பியில் பொறியும் இல்லை, சத்தமும் இல்லை என்றால் அதில் மின்சாரம் இல்லை என்று முடிவு செய்யும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர்ப் பக்கம் எத்தனை கம்பங்கள் சாய்ந்து கிடந்தன என்று பார்த்தவர்களுக்கு இது வெறும் பாட விஷயம் அல்ல.

அறுந்த கம்பியிலிருந்து எதுவும் கொட்டாது. மட்ட வேறுபாடு மட்டும் முழுசாக அங்கேயே காத்திருக்கும். நாம் தொட்டால் நாமே அதற்கு வாய்க்கால் ஆகிவிடுகிறோம். போதாததற்கு, ஈர வயலில் கிடக்கும் கம்பியைச் சுற்றியுள்ள தரையிலும் மின்சாரம் இருக்கலாம், தொடாமல் பக்கத்தில் போவதே ஆபத்து. நான் இதை முதல் மாலை முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லி, தாளில் சிவப்பு மையில் "சேராது" என்று எழுதி, ஒவ்வொருவரையும் தங்கள் நோட்டில் எழுத வைக்கிறேன். அறுந்த கம்பியைப் பார்த்தால் தூரமாக நின்று பெரியவர்களிடமும் மின்வாரியத்திடமும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பிள்ளைகளின் வேலை.

6. அடுத்த கேள்விக்கு வண்டியை மாற்றுங்கள்

இரண்டாம் மாலை பக்க இணைப்புக்குப் போனோம். ஒரு தடைக்குப் பக்கத்தில் இன்னொரு தடையையும் சேர்த்தால் செல்லிலிருந்து வரும் மின்னோட்டம் கூடுமா குறையுமா? தண்ணீரிலேயே யோசிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் குறையும் என்றார்கள். தடை என்றால் ஆகாயத்தாமரை, இரண்டு தடை என்றால் இரண்டு மடங்கு அடைப்பு.

டெட்ரே கெண்ட்னர், டொனால்ட் கெண்ட்னர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1983-இல் இதையே ஆராய்ந்து வெளியிட்டார்கள். மின்சாரத்தைத் தண்ணீராக நினைத்தவர்கள் செல் இணைப்புக் கேள்விகளில் தேறினார்கள், நகரும் கூட்டமாக நினைத்தவர்கள் தடைக் கேள்விகளில் தேறினார்கள். எனக்கு இது பெரிய ஆறுதல். ஒரே வாய்க்காலில் பாடம் முழுவதையும் ஓட்ட வேண்டியதில்லை.

ஆகவே தடைகளுக்குக் கோயில் வாசல். கும்பகோணத்தில் திருவிழாக் கூட்டம் ஒரே வாசல் வழியாக வெளியேறுகிறது, பக்கத்தில் இன்னொரு வாசலையும் திறந்தால் என்ன ஆகும்? வாசல் என்பது நெரிசல்தான், ஆனால் இரண்டு நெரிசல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நிமிடத்துக்கு இரண்டு மடங்கு ஆட்கள் வெளியே வருவார்கள். மீட்டரில் பாருங்கள்: ஒரு 100 ஓம் தடைக்கு 30 மில்லி ஆம்பியர், இரண்டு பக்க இணைப்பில் 60. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 15.

செல்களுக்கு மறுபடியும் தொட்டிக்கே திரும்புங்கள். இரண்டு செல்லைத் தொடராக வைப்பது தொட்டிமேல் தொட்டி, உயரம் இரண்டு மடங்கு. பக்கத்தில் பக்கத்தில் வைப்பது ஒரே உயரத்தில் இரண்டு தொட்டி: 1.5 வோல்ட்தான், ஆனால் தீர அதிக நேரமாகும். கூட்டத்தை வைத்து இதைச் சொல்லப் பார்த்தேன், கூட்டத்தை எது தள்ளுகிறது என்ற இடத்தில் கதை நின்றுவிட்டது. சாமி பார்த்தாச்சு, வீட்டுக்குப் போகணும் என்பதை வோல்ட்டில் அளக்க முடியாது.

வண்டி மாற்றும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இப்ப வாய்க்காலை விட்டு இறங்கியாச்சு, இனிமே கோயில் வாசல்." சொல்லாமல் மாற்றினால் வாசலில் மதகு வைப்பார்கள்.

7. தேர்வுக்கு முன் வாய்க்காலை வற்றவிடுங்கள்

காலாண்டுத் தேர்வில் ஒருவன் மின்னழுத்த வேறுபாட்டுக்கு "தண்ணீர்த் தொட்டியின் உயரம்" என்று வரையறை எழுதிவிட்டு வந்தான். விடைத்தாள் திருத்துபவருக்கு நம் திண்ணைத் தொட்டி தெரியாது. தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே தாளின் இடது பத்தியை மடித்து மறைத்து, நடுப்பத்தியை மட்டும் வைத்துக் கேள்வி கேளுங்கள். ஓரலகு நேர் மின்னூட்டத்தை ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குக் கொண்டுபோகச் செய்யும் வேலை என்று வாயில் வர வேண்டும். தடுமாறினால் மடிப்பைப் பிரித்துக் காட்டலாம், இரண்டாவது தடவை மட்டும்.

தாளைத் தூக்கிப் போடாதீர்கள். என்னுடையதில் "பார்க்கணும்" என்ற பத்தியில் இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது. வீட்டுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய் வருகிறதாமே, அப்படியானால் வாய்க்காலில் எந்தப் பக்கம் மேல்மடை, எந்தப் பக்கம் கடைமடை என்று அதே பெண் கேட்டிருக்கிறாள். ஊஞ்சலை வைத்து ஆரம்பிக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இடது பத்தியை எழுத ஊஞ்சல் கட்டுகிற ஆசாரியைப் பார்க்க வேண்டும்.